மேல்வீட்டுக் குழாயில் தண்ணீர் ஏன் நூலாக வந்தது: ஒரு கடிதமும் ஒரு மட்டக்குழாயும்

சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் மூன்று தளம் உள்ள ஒரு வீட்டின் உச்சியில் நாங்கள் குடியிருக்கிறோம். தரைத்தளத்தில் இன்னொரு குடும்பம், முதல் மாடியில் வீட்டுக்கார ஐயா, இரண்டாம் மாடியில் நாங்கள். எங்கள் தலைக்கு மேலே மொட்டைமாடி, அதில் ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்திலேயே இருப்பவனுக்குத்தான் தண்ணீர் நன்றாக வரும் என்று குடிவருவதற்கு முன் என் மனைவி நினைத்திருந்தார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

பிரச்சினை முற்றியது ஆடியில். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து, வீட்டில் ஏழு பேர். மேட்டூரில் தண்ணீர் ததும்புகிறது என்று டிவியில் காட்டிக்கொண்டிருக்க, எங்கள் குளியலறையில் குழாயிலிருந்து நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. ஷவரைத் திறந்தால் தண்ணீருக்குப் பதிலாக ‘ஸ்ஸ்ஸ்’ என்று உள்ளே காற்று இழுக்கும் சத்தம். அன்று இரவே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் எழுதினேன். அது இவ்வளவுதான்:

“ஐயா, மாடியில் தண்ணீர் சுத்தமாக வருவதில்லை. பலமுறை சொல்லிவிட்டோம். உடனே சரிசெய்து தரவும்.”

பதில் மறுநாள் வந்தது. “தம்பி, மோட்டார் ரெண்டு நேரமும் போடுறோம், தொட்டி நிறைஞ்சுதான் இருக்கு. மேல்மாடின்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்ங்க.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. என் கடிதத்தில் அவர் பிடித்துக்கொள்ள ஒரு தகவலும் இல்லை, அதனால் அவருக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னார். பதினெட்டு வருஷம் கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருப்பவன் நான். சைட்டில் எவனாவது ‘தண்ணி வரல’ என்று மட்டும் சொன்னால் எங்கே, எப்போது, எவ்வளவு என்று கேட்டு உரித்துவிடுவேன். சொந்த வீட்டு விஷயத்தில் அதையெல்லாம் மறந்து கோபத்தை மட்டும் அனுப்பியிருக்கிறேன். சரி, முதலில் அளப்போம் என்று முடிவெடுத்தேன்.

வாளியும் கைக்கடிகாரமும்

பத்து லிட்டர் வாளி ஒன்று போதும். மதியம் இரண்டரை மணிக்கு, மற்ற இரண்டு வீட்டிலும் யாரும் குழாய் திறக்காத நேரத்தில், எங்கள் குளியலறையின் கீழ்க்குழாயை முழுதாகத் திறந்து வாளி நிறையும் நேரத்தைப் பார்த்தேன். 170 விநாடி. பிறகு கீழ்வீட்டு அக்காவிடம் கேட்டு, அதே வாளியை அவர்கள் குளியலறையில் வைத்தேன். 42 விநாடி.

நான்கு மடங்கு வித்தியாசம். வீட்டுக்காரர் சொன்ன ‘மேல்மாடின்னா அப்படித்தான்’ இதில் எவ்வளவுக்குப் பொறுப்பு என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போட்டாக வேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு அழுத்தம் தருவது உயரம் ஒன்றுதான்: தொட்டிக்குள் நிற்கும் தண்ணீர் மட்டத்துக்கும் குழாய் வாய்க்கும் உள்ள உயரம். குழாய் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பதால் எந்த லாபமும் இல்லை, நஷ்டம்தான்.

எங்கள் வீட்டில் தொட்டியின் செங்கல் மேடை 2 அடி. தொட்டி பாதி நிறைந்திருந்தால் அதில் 2 அடி தண்ணீர். கூரை கான்கிரீட் அரை அடிக்குக் கொஞ்சம் குறைவு, அறை உயரம் 10 அடி. ஆக எங்கள் தரையிலிருந்து தண்ணீர் மட்டம் சுமார் 14½ அடி மேலே. கீழ்க்குழாய் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் இருப்பதால் அதற்குக் கிடைப்பது சுமார் 12½ அடி. ஷவர் 7 அடி உயரத்தில், அதற்கு மிஞ்சுவது ஏழரை அடிதான். இதே கணக்கில் தரைத்தளத்துக் குளியலறைக் குழாய்க்கு 33 அடி. பிளம்பர்கள் ‘ஒரு கிலோ பிரஷர்’ என்று சொல்வது கிட்டத்தட்ட இந்த 33 அடியைத்தான்.

இங்கே ஒரு விஷயம் பலருக்கும் தப்பிப்போகிறது. உயரம் பாதியானால் தண்ணீர் பாதியாவதில்லை. ஓட்டம் உயரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் கூடும், குறையும். 33-ஐ 12½-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 1.6. கீழே 42 விநாடியில் நிறையும் வாளி, ஒரே மாதிரிக் குழாயும் வால்வும் இருந்தால் மேலே 70 விநாடி வாக்கில் நிறைந்திருக்க வேண்டும். உயரத்தின் பங்கு அவ்வளவுதான். எங்களுக்கு ஆனது 170. நடுவில் உள்ள நூறு விநாடிக்கு வேறு ஏதோ பதில் சொல்ல வேண்டும்.

காலை ஆறரை மணிக்கு இதே சோதனையைச் செய்தபோது ஆறு நிமிடம் ஆகியும் வாளி பாதி நிறையவில்லை. அதற்கு மேல் நிற்கப் பொறுமை இல்லை. ஆக, மதியத்துக் குறை ஒன்று, காலையில் அதன்மேல் சேரும் குறை இன்னொன்று. இரண்டையும் ஒரே நோயாக நினைத்து மருந்து தேடியிருந்தால் எங்கேயும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டோம்.

மட்டக்குழாய் காட்டியது

கொத்தனார்கள் சுவருக்கு மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய் தெரியும் அல்லவா, அதில் இருபது அடி சைட்டிலிருந்து கொண்டுவந்தேன். ஒரு முனையைக் குளியலறைக் கீழ்க்குழாயின் வாயில் செருகி, பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கினேன். மறுமுனையை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, என் மகன் மொட்டைமாடியிலிருந்து பிடித்துக்கொண்டான். வீட்டில் மற்ற எல்லாக் குழாயையும் மூடிவிட்டு இதை மட்டும் திறந்தேன்.

தண்ணீர் மெதுவாக ஏறியது. ஜன்னலைத் தாண்டியது, கூரையைத் தாண்டியது, கடைசியில் தொட்டிக்குள் இருந்த மட்டத்துக்கு நேராக வந்து நின்றது. அவன் தொட்டி மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, ‘ரெண்டும் ஒண்ணுப்பா’ என்று கத்தினான். ஓடாமல் நிற்கும்போது அழுத்தம் முழுதாக வந்து சேர்கிறது. பாதி மூடிய வால்வாக இருந்தாலும், அடைத்த குழாயாக இருந்தாலும், தண்ணீர் நிற்கும்போது அது தெரியாது. ஓடும்போதுதான் தெரியும். பிரஷர் கேஜை மாட்டி எல்லாக் குழாயும் மூடிய நிலையில் பார்த்துவிட்டு ‘பிரஷர் சரியாத்தான் இருக்கு’ என்று சொல்லிப் போகும் பிளம்பர் ஏமாறுவதும் இங்கேதான்.

அடுத்து, சமையலறைக் குழாயை முழுதாகத் திறக்கச் சொன்னேன். மட்டக்குழாயில் தண்ணீர் சரசரவென்று கீழே இறங்கியது. ஜன்னல் மேற்சட்டத்தையும் தாண்டி, குளியலறைக் குழாய்க்கு மேலே மூன்றடியில் வந்து ஆடிக்கொண்டிருந்தது. 12½ அடியில் 9½ அடி போய்விட்டது. ஒரே ஒரு குழாய் திறந்ததற்கு இவ்வளவு இறக்கம் என்றால், தொட்டிக்கும் எங்கள் வீட்டுக்குள் லைன் பிரியும் இடத்துக்கும் நடுவில் எங்கேயோ தொண்டை நெரிகிறது.

அது எல்லாருக்கும் பொதுவான லைனிலா, எங்களுக்கு மட்டும் பிரிந்து வரும் கிளையிலா? இதற்கும் மட்டக்குழாயே பதில் சொன்னது. எங்கள் வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டு, கீழ்வீட்டு அக்காவை ஒரு குழாய் திறக்கச் சொன்னேன். மட்டம் ஒன்றரை அடிதான் இறங்கியது. அந்த ஒரு குழாயில் போகும் தண்ணீர், எங்கள் சமையலறைக் குழாயில் போவதைவிட அதிகம். அவ்வளவு தண்ணீரையும் பொதுலைன் ஒன்றரை அடி செலவில் விட்டுவிடுகிறது. அப்படியானால் மதிய நேரத்து நெரிசல் பொதுலைனில் இல்லை, எங்கள் கிளையில்.

அப்புறம் அக்கா வீட்டில் இரண்டு குழாய், வீட்டுக்கார ஐயா வீட்டில் ஒன்று, மூன்றையும் சேர்த்துத் திறந்தோம். மட்டம் எட்டு அடி இறங்கியது. காலை நேரத்துக் கதை இதுதான். மேலிருந்து இறங்கும் பொதுலைன் முக்கால் இன்ச் பைப். அதில் ஓட்டம் இரட்டிப்பானால் உரசலில் போகும் உயரம் இரண்டு மடங்கு ஆகாது, ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகும். 33 அடி கீழே இருக்கும் வீட்டுக்கு எட்டு அடி போனாலும் 25 மிச்சம் இருக்கும், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் ஷவருக்கு மொத்தமே ஏழரை. எட்டு போனால் தண்ணீர் மட்டம் ஷவர் வாய்க்குக் கீழே போய்விடும். ஆடியில் கேட்ட அந்த ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம், எங்கள் ஷவர் வழியாகக் காற்றைக் கீழ்வீடு இழுத்துக்கொண்ட சத்தம்.

இரண்டாவது கடிதம்

மாலையில் உட்கார்ந்து கையாலேயே எழுதினேன். வீட்டுக்காரருக்குக் காகிதத்தில் கொடுத்தால்தான் படிப்பார் என்று தெரியும்.

“மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் நான் அனுப்பியது அவசரத்தில் எழுதியது, மன்னிக்கவும். மாடியில் தண்ணீர் குறைவாக வருவது பற்றி அளந்து பார்த்ததை இதில் எழுதியிருக்கிறேன். நீங்கள் கூட்டிவரும் பிளம்பரிடம் இதை அப்படியே காட்டலாம்.

மோட்டாரிலும் தொட்டியிலும் குறை இல்லை. அளந்த நேரங்களில் தொட்டி பாதிக்கு மேல் இருந்தது. எங்கள் குழாய் வாய்களில் உள்ள சல்லடைகளைக் கழற்றிக் கழுவிவிட்டேன், ஷவர் தலையையும் கழற்றிப் பார்த்தேன், மாற்றம் இல்லை. சமையலறை, குளியலறை, வாஷ்பேசின் மூன்றிலும் ஒரே அளவு குறைவு. அதனால் ஏதோ ஒரு குழாயின் கோளாறாக இருக்க வாய்ப்பில்லை.

மதியம் யாரும் புழங்காதபோது 10 லிட்டர் வாளி எங்கள் வீட்டில் நிறைய 170 விநாடி, தரைத்தளத்தில் 42 விநாடி. மேல்மாடி என்பதால் 70 விநாடி ஆவது நியாயம். மீதிக்கு நான் சந்தேகப்படும் காரணங்களை, எதைச் சரிபார்ப்பது சுலபமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஒன்று, பின்சுவரில் பொதுலைனிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பிரியும் இடத்தில் உள்ள கேட் வால்வு. அதன் கைப்பிடியைத் திருகினால் முடிவில்லாமல் சுற்றுகிறது, எங்கேயும் இறுகி நிற்பதில்லை. உள்ளே தகடு தண்டிலிருந்து கழன்று பாதி வழியில் தொங்குகிறது என்று நினைக்கிறேன். இதைக் கழற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும்.

இரண்டு, அந்த வால்வுக்கு அடுத்துச் சுவருக்குள் போகும் அரை இன்ச் ஜிஐ இரும்புப் பைப்பும் அதன் எல்போக்களும். போர் தண்ணீரின் உப்பு படிந்து உள்வட்டம் சுருங்கியிருக்கலாம். வால்வைக் கழற்றும்போதே டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்று, காலை ஆறு முதல் எட்டு வரை மூன்று வீடும் ஒரே முக்கால் இன்ச் லைனில் இழுக்கிறோம். அந்த நேரத்தில் மேலே எங்களுக்குச் சேர வேண்டிய அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு பொதுலைனிலேயே போய்விடுகிறது. முதல் இரண்டையும் சரிசெய்தாலும் இது அப்படியே இருக்கும். தொட்டியிலிருந்து எங்களுக்குத் தனியாக ஒரு இன்ச் லைன் இழுத்தால்தான் தீரும்.

நான்கு, தொட்டி மேடையின் உயரம். இதை மாற்றும்படி நான் கேட்கவில்லை.

மோட்டார் வைத்த பிரஷர் பம்பு வாங்கலாம் என்று நீங்கள் யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். முதலிரண்டையும் பார்க்காமல் அதை எங்கள் லைனில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அடைத்த பைப்பிலிருந்து தண்ணீர் கிடைக்காமல் பம்பு வெறுமனே ஓடிச் சூடாகும். பொதுலைனிலிருந்து அது இழுத்தால் உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் குறையும்.

குழாய்த் தலைகள், வாஷர், ஷவர் எல்லாம் எங்கள் செலவு. வால்வும் சுவர் லைனும் உங்கள் பக்கம் பார்த்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேலை நடக்கும் நாளை முந்தின இரவு சொன்னால் நாங்கள் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வோம். நான் லீவு போட்டுக் கூட இருப்பேன்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி.”

கடைசிப் பத்தியில் உள்ள செலவுப் பங்கீட்டை நானாக இழுத்துப் பிடித்து எழுதவில்லை. நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் குறித்து 2017-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டத்தின் அட்டவணையிலேயே, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, பைப் மாற்றும் வேலை வீட்டுக்காரர் பக்கமும் குழாய், வாஷர் மாதிரியானவை குடியிருப்பவர் பக்கமும் பிரித்திருக்கிறது. கடிதத்தில் சட்டத்தின் பெயரை எழுதவில்லை. எழுதியிருந்தால் அவர் பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன் வக்கீலைக் கூப்பிட்டிருப்பார். ஒரே மாடிப்படியில் தினமும் பார்த்துக்கொள்ளும் மனிதரிடம் அதை எடுத்த எடுப்பிலேயே நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

படித்துவிட்டு ஐயா மேலேயே வந்துவிட்டார். “எழுபது செகண்டுன்னு எப்படித் தம்பி சொல்றீங்க?” என்றுதான் முதல் கேள்வி. மட்டக்குழாயை மறுபடி மாட்டிக் காட்டினேன். கீழே குழாய் திறந்ததும் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துவிட்டு, “அட, எங்க வீட்டுக் குழாய் திறந்தா இது இறங்குதுங்க” என்றார். கடிதத்தில் நான் எழுதிய மூன்றாவது காரணத்தை அவர் நம்பியது அந்த நிமிடத்தில்தான்.

கழற்றியபோது

பிளம்பர் தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்தார். வால்வைக் கழற்றி மூடியைத் திறந்ததும், பித்தளைத் தகடு தண்டிலிருந்து விடுபட்டுப் பாதியில் சாய்ந்து கிடந்தது. அரை நிலா மாதிரி ஒரு இடைவெளிதான் தண்ணீருக்கு இருந்த வழி. கேட் வால்வுகளின் பொதுவான வியாதி இது. வருஷக்கணக்காகத் திறந்தே கிடந்து, ஒருநாள் யாரோ பலமாகத் திருகும்போது உப்பில் இறுகிய தகடு அசையாமல், தண்டின் முனை அறுந்துவிடும். கைப்பிடி மட்டும் சுற்றும்.

அடுத்து இருந்த எல்போவை அறுத்து எடுத்துக் கையில் கொடுத்தார். அரை இன்ச் பைப், உள்ளே பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதுவும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி. சுற்றிலும் கொஞ்சம் துருவின் பழுப்பு, அதற்கு மேல் அடுக்கடுக்காக வெள்ளை. மேக்னசைட் வெட்டி எடுக்கும் ஊரில் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவிரித் தண்ணீர் வராத நாளில் சம்ப்பில் போர் தண்ணீரைக் கலந்துதான் மேலே ஏற்றுகிறார்கள். அந்த வெள்ளையில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன், சிறுசிறு குமிழியாகப் பொங்கியது. சுண்ணாம்பு உப்புதான், மணல் என்றால் பொங்காது. இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் உண்டு. மணலாக இருந்தால் தொட்டியைக் கழுவினால் முடிந்தது. உப்புப் படிவு என்றால் பைப்பை மாற்றியே ஆக வேண்டும். ஆசிட் விட்டுக் கரைக்கலாம் என்று பிளம்பர் தம்பி சொன்னார். பழைய ஜிஐ பைப்பில், அதுவும் சுவருக்குள், நான் வேண்டாம் என்றேன். உப்பு கரையும்போது துருப்பிடித்த இடம் ஓட்டையாகிவிடும், அது சுவர் ஊறிய பிறகுதான் தெரியும்.

வால்வுக்குப் பதில் பால் வால்வு போட்டார். இது கால் சுற்றில் திறந்து மூடும், திறந்திருக்கிறதா என்பது கைப்பிடி நிற்கும் திசையிலேயே தெரியும். சுவருக்குள் போன ஏழடி ஜிஐ-யை அப்படியே விட்டுவிட்டு, வெளிச்சுவர் வழியாக முக்கால் இன்ச் சிபிவிசி பைப் இழுத்து உள்லைனில் சேர்த்தார். மதியம் வாளி வைத்தோம். 74 விநாடி.

ஐயாவுக்கு ஏக சந்தோஷம். வேலை முடிந்தது என்று நினைத்தார். மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு 190 விநாடி ஆனது. முன்பிருந்ததைவிட எவ்வளவோ தேவலை, ஆனால் கீழே வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் ஏறும்போது ஷவர் இன்னும் காற்றைத்தான் இழுத்தது. கடிதத்தில் மூன்றாவது காரணத்தைத் தனியாக எழுதி, ‘முதல் இரண்டையும் சரிசெய்தாலும் இது இருக்கும்’ என்று முன்கூட்டியே சொல்லியிருந்தது அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. இல்லாவிட்டால் ‘இவ்வளவு செலவு பண்ணியும் குறை சொல்றாங்க’ என்றாகியிருக்கும்.

தனி லைன்

தனி லைனுக்கு ஒரு மாதம் கழித்து ஒத்துக்கொண்டார். பைப் விலையில் பாதியை நான் தருவதாகச் சொன்னேன். சட்டப்படி தேவையில்லைதான், ஆனால் இது பழுது இல்லை, கூடுதல் வசதி என்று அவர் வாதிட்டதிலும் நியாயம் இருந்தது.

வேலை சுலபம் மாதிரித் தெரிந்தாலும் இரண்டு இடத்தில் தப்பு நடந்தது. தொட்டியில் புதுத் துளை போடும்போது பிளம்பர் தம்பி பழைய வாயைவிட நாலு விரல் மேலே குறித்தார், வண்டல் வராது என்று. நான் நிறுத்தினேன். அப்படிச் செய்தால் தொட்டி வற்றும்போது முதலில் வறள்வது நாங்கள்தான். கீழே இருப்பவர்களுக்கு மட்டும் அந்தக் கடைசி நாலு விரல் தண்ணீர் போகும். பழைய வாய் அடியிலிருந்து மூன்று இன்ச் மேலே இருந்தது, வண்டலுக்கு அதுவே போதும். அதே மட்டத்தில் போட்டோம்.

இரண்டாவது தப்பை நான் பார்க்கவில்லை. லைனைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஏற்றி, மறுபக்கம் இறக்கிவிட்டார். தொட்டியின் வாயைவிட உயரமாக ஒரு வளைவு. தொட்டியைப் பாதி நிரப்பி வால்வைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. அந்த மேட்டில் காற்று மாட்டிக்கொண்டது. தொட்டி முழுதாக இருந்தால் தண்ணீர் அதைத் தள்ளிவிட்டு வரக்கூடும், பாதியானால் மறுபடி நிற்கும். பைப்பை வாயில் வைத்து உறிஞ்சியெல்லாம் பார்த்தார் பாவம். கடைசியில் கைப்பிடிச் சுவரின் அடியில் துளை போட்டு, லைன் தொட்டியிலிருந்து எங்கேயும் மேலே ஏறாமல் இறங்கிக்கொண்டே போகும்படி மாற்றினோம். தொட்டி வால்வுக்கு அடுத்து ஒரு டீ போட்டு, அதிலிருந்து அரை இன்ச் பைப்பை நேராகத் தொட்டியின் மூடி உயரத்துக்கு மேல் நிறுத்தி, வாயைக் கீழ்ப்பக்கமாக வளைத்துவிட்டார். காற்றுப் பைப். தொட்டி காலியாகி மறுபடி நிரம்பும்போது லைனில் உள்ள காற்று அது வழியாகப் போய்விடும்.

இப்போது காலை ஏழு மணிக்கு, கீழே எல்லாரும் திறந்திருக்கும்போதும், வாளி 62 விநாடியில் நிறைகிறது.

மிச்சம் இருப்பது நான்காவது காரணம். ஷவருக்கு ஏழரை அடிதான், தொட்டி குறைந்தால் அதுவும் இல்லை. உறவுக்காரர் ஒருவர் பெரிய தட்டு மாதிரி ஷவர் வாங்கிக் கொடுத்தார். அந்த மாதிரி ஷவருக்கெல்லாம் நல்ல பிரஷர் வேண்டும், எங்களுக்கு இருப்பது கால் கிலோகூட இல்லை. அது அலமாரியில் இருக்கிறது. மேடையை மூன்றடி உயர்த்தலாமா என்று ஐயாவே கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன்: ஏழரை பத்தரை ஆகும், ஷவரில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும். அதற்காக ஒரு டன் தண்ணீரை இன்னும் மூன்றடி செங்கல்மேல் நிறுத்துவதா, அதுவும் அடியில் பீம் எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் ஞாபகம் இல்லாத ஒரு கூரையில்? வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். தரையிலிருந்து நான்கடி உயரத்தில் ஒரு கொக்கி அடித்துக் கைஷவரை அதில் மாட்டியிருக்கிறேன். முக்காலி போட்டு உட்கார்ந்து குளித்தால் அதே மூன்றடி கிடைத்துவிடுகிறது. மட்டக்குழாயைப் போன வாரம் ஐயா வாங்கிக்கொண்டு போனார். நெத்திமேட்டில் அவருக்கு இன்னொரு வீடு இருக்கிறதாம், அங்கேயும் மேல்மாடிக்காரர் கடிதம் கொடுத்திருக்கிறாராம்.